‘யெஸ்டர்டே’ இருக்கும் வாக்கியத்தில் ‘ஹேவ்’ ஏன் பொருந்துவதில்லை?

வேலைக்கு விண்ணப்பிப்பவர், வங்கிக்குப் புகார் எழுதுபவர், கல்லூரி அலுவலகத்திடம் சான்றிதழ் கேட்பவர் என்று கடலூரிலும் புதுச்சேரியிலும் ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டியிருக்கும் பலரிடம் ஒரே பிழை திரும்பத் திரும்பத் தென்படுகிறது. “ஐ ஹேவ் சென்ட் த ஃபார்ம் யெஸ்டர்டே” என்பது அதன் வழக்கமான உருவம். இதில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை; வினைச்சொல்லின் வடிவமும் சரியானதே. “ஐ ஹேவ் சென்ட் த ஃபார்ம்” என்று நிறுத்தியிருந்தால் குறை சொல்ல இடமில்லை. “ஐ சென்ட் த ஃபார்ம் யெஸ்டர்டே” என்று எழுதியிருந்தாலும் குறை இல்லை. தனித்தனியே சரியாக இருக்கும் இரண்டு, ஒரே வாக்கியத்தில் சேரும்போது மட்டும் ஏன் பிழையாகின்றன என்பதுதான் எழுதுபவரைக் குழப்புகிறது. ‘யெஸ்டர்டே வந்தால் ஹேவ் வரக்கூடாது’ என்ற விதியை வகுப்பில் மனப்பாடம் செய்தவர்கள்கூட, ‘டுடே’ வந்தால் என்ன செய்வது, ‘சின்ஸ்’ வந்தால் என்ன செய்வது என்ற இடத்தில் தடுமாறுகிறார்கள். விதியின் காரணம் தெரிந்துவிட்டால் இந்த மூன்று கேள்விகளுக்கும் ஒரே விடைதான் என்பது விளங்கும்.

## இரண்டு வடிவங்களும் எங்கே நின்று பேசுகின்றன

‘சென்ட்’, ‘கேம்’, ‘சா’ போன்று ஒரே சொல்லாக வரும் இறந்தகால வினையைச் சிம்பிள் பாஸ்ட் என்கிறோம். ‘ஹேவ் சென்ட்’, ‘ஹேஸ் கம்’, ‘ஹேவ் சீன்’ என்று ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’ முன்னால் வந்து, வினையின் மூன்றாம் வடிவம் பின்னால் வருவதைப் பிரசென்ட் பெர்ஃபெக்ட் என்கிறோம். இரண்டுமே முடிந்துபோன செயலைச் சொல்லக்கூடியவை. ஆகவே, ‘செயல் முடிந்ததா, இல்லையா’ என்று கேட்டுப் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது. பள்ளியில் அப்படிப் பிரிக்கக் கற்றுக்கொண்டதே பல குழப்பங்களுக்கு முதல் காரணம்.

ஹான்ஸ் ரைக்கன்பாக் என்ற தத்துவ அறிஞர் 1947இல் வெளியிட்ட தருக்கவியல் நூலில் இதற்குத் தெளிவான ஒரு வழியைக் காட்டினார். அவர் ஒவ்வொரு வாக்கியத்திலும் மூன்று நேரங்களைப் பார்க்கச் சொன்னார். முதலாவது, நாம் பேசும் நேரம். இரண்டாவது, செயல் நடந்த நேரம். மூன்றாவது, அந்தச் செயலை எந்த நேரத்தில் நின்று பார்க்கிறோமோ அந்தப் பார்வை நேரம். கடைசியாகச் சொன்ன இந்தப் பார்வை நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

சிம்பிள் பாஸ்ட்டில் பேசுபவர் தம் பார்வையைச் செயல் நடந்த இடத்துக்கே கொண்டுபோய்விடுகிறார். “ஐ லாஸ்ட் மை கீ” என்று சொல்பவர் சாவி தொலைந்த அந்த நேரத்தைப் பற்றிப் பேசுகிறார். அதன்பின் சாவி கிடைத்ததா என்று அந்த வாக்கியம் சொல்லவில்லை. பிரசென்ட் பெர்ஃபெக்ட்டிலோ பேசுபவர் இப்போதைய நேரத்திலேயே நின்றுகொண்டு, முன்பு நடந்ததன் விளைவைச் சொல்கிறார். “ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ” என்பவர் பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கிறார் என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

இப்போது ‘யெஸ்டர்டே’ என்ற சொல்லைப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் இத்தகைய காலச்சொல் முதன்மையாகப் பார்வை நேரத்தையே குறிக்கிறது. ‘ஹேவ்’ என்ற சொல் பார்வையை இன்றைய நேரத்தில் நிறுத்தியிருக்க, ‘யெஸ்டர்டே’ அதே பார்வையை நேற்றுக்கு இழுக்கிறது. ஒரே வாக்கியத்தில் பேசுபவரை இரண்டு இடங்களில் நிற்கச் சொல்வதால்தான் அந்தச் சேர்க்கை ஆங்கிலக் காதுக்கு உறுத்துகிறது.

## தமிழில் இந்தத் தடை இல்லை

இந்தப் பிழையைக் கவனக்குறைவு என்று தள்ளிவிடுவது நியாயமன்று. எழுதுபவர் தம் தாய்மொழியில் முற்றிலும் சரியாக இருக்கும் ஒன்றைத்தான் ஆங்கிலத்தில் வைக்கிறார். தமிழின் மூன்று வினைவடிவங்கள் இதற்கு இடம்கொடுக்கின்றன.

1. ‘அனுப்பிவிட்டேன்’ என்ற வடிவம் செயல் முழுமையாக முடிந்ததைக் காட்டுகிறது. அதை ‘ஹேவ் சென்ட்’ என்று மாற்றுவதற்கே நமக்குப் பழக்கம். ஆனால் தமிழில் ‘நேற்றே அனுப்பிவிட்டேன்’ என்பது இயல்பான பேச்சு. முடிந்ததை அழுத்திச் சொல்லும் வடிவத்தோடு நேற்றைச் சேர்ப்பதில் தமிழுக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

2. ‘அனுப்பியிருக்கிறேன்’ என்ற வடிவம் அமைப்பிலேயே பிரசென்ட் பெர்ஃபெக்ட்டைப் போன்றது. ‘இருக்கிறேன்’ என்பது நிகழ்காலம். ஆயினும் தமிழில் அதோடு பழைய தேதியையும் சேர்க்கலாம். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் உள்ள பழைய கலங்கரை விளக்கத்தைக் காட்டி, ‘இதை 1836இல் கட்டியிருக்கிறார்கள்’ என்று சொன்னால் யாரும் தவறென்று சொல்லமாட்டார்கள். நேரில் காணாததை அறிந்து சொல்கிறோம் என்ற குறிப்பும் அதில் இருக்கிறது. அதையே சுற்றுலாப் பயணிக்கு “தே ஹேவ் பில்ட் திஸ் இன் 1836” என்று சொன்னால் பிழையாகிவிடுகிறது. “தே பில்ட் திஸ் இன் 1836” என்பதே ஆங்கிலம். முதல் வாக்கியத்திலும் இரண்டாவதிலும் ‘பில்ட்’ என்ற ஒலி ஒன்றாக இருப்பதால், வேறுபாடு ‘ஹேவ்’ ஒன்றில் மட்டுமே இருக்கிறது.

3. ‘வரவில்லை’ என்ற எதிர்மறை வடிவம் காலத்தையே காட்டுவதில்லை. ‘நேற்று வரவில்லை’ என்கிறோம், ‘இன்னும் வரவில்லை’ என்கிறோம், வினை மாறுவதில்லை. ஆங்கிலத்திலோ முன்னதற்கு ‘டிட் நாட் கம்’ என்றும், பின்னதற்கு ‘ஹேஸ் நாட் கம்’ என்றும் பிரித்தாக வேண்டும். இங்கே பிழை எதிர்த்திசையில் நடக்கிறது: ‘ஹேவ்’ வேண்டிய இடத்தில் அதை விட்டுவிட்டு “ஹி டிட் நாட் கம் யெட்” என்று எழுதிவிடுகிறோம்.

புதுச்சேரியில் பிரெஞ்சும் படிக்கும் மாணவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பிரெஞ்சில் பாஸே கொம்போஸே என்னும் வடிவம் ‘ஹேவ்’ என்பதற்கு இணையான துணைவினையைக் கொண்டே பெரும்பாலும் அமைகிறது. அமைப்பைப் பார்த்தால் அது ஆங்கிலப் பிரசென்ட் பெர்ஃபெக்ட்டின் உடன்பிறப்பு. ஆனால் பிரெஞ்சுப் பேச்சில் அதுவே சாதாரண இறந்தகாலமாகிவிட்டது. நேற்று, போன வாரம், 1954 எல்லாம் அதோடு தாராளமாக வரும். காலை வகுப்பில் பிரெஞ்சு ஆசிரியரிடம் சரியென்று மதிப்பெண் பெற்ற அமைப்பு, அடுத்த வகுப்பில் ஆங்கில ஆசிரியரிடம் தவறாகிறது. இரண்டு மொழிகளும் ஐரோப்பிய மொழிகள்தானே என்ற எண்ணத்தால் மாணவர் இங்கே எளிதில் ஏமாறுகிறார்.

## காலச்சொல்லைச் சோதிக்கும் முறை

வினையை எழுதுவதற்கு முன் வாக்கியத்தில் உள்ள காலச்சொல்லைக் கண்டுபிடித்து, ‘இந்தக் கால அளவு பேசும் நேரத்தைத் தொடுகிறதா, அதற்கு முன்பே முடிந்துவிட்டதா’ என்று மட்டும் கேட்க வேண்டும். முடிந்த காலம் என்றால் சிம்பிள் பாஸ்ட். பேசும் நேரத்தைத் தொடும் காலம் என்றால் பிரசென்ட் பெர்ஃபெக்ட்டுக்கு இடம் உண்டு.

‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’, ‘இன் 2019’, ‘டூ டேஸ் அகோ’ ஆகியவை முடிந்த காலங்கள்; இவற்றில் ஐயம் எழுவதில்லை. ‘சோ ஃபார்’, ‘யெட்’, ‘அப் டு நௌ’ ஆகியவை இப்போது வரை நீளும் காலங்கள். இவற்றிலும் பெரிய சிக்கல் இல்லை.

சிக்கல் ‘டுடே’, ‘திஸ் மார்னிங்’, ‘திஸ் வீக்’ போன்ற சொற்களில்தான் இருக்கிறது. இவை சொல்லும் நேரத்தைப் பொறுத்து இரு பக்கமும் சாயக்கூடியவை. ஓர் அலுவலகத்தில் காலை பதினொரு மணிக்கு ஒருவர், மேலாளரை இன்று காலை பார்க்கவில்லை என்று சொல்ல நினைக்கிறார். காலைப்பொழுது இன்னும் முடியவில்லை. மேலாளர் இனியும் வரலாம். எனவே “ஐ ஹேவ் நாட் சீன் ஹிம் திஸ் மார்னிங்” என்பது பொருத்தம். அதே செய்தியை அவர் மாலை நான்கு மணிக்குச் சொன்னால் காலைப்பொழுது போய்விட்டது. அப்போது “ஐ டிட் நாட் சீ ஹிம் திஸ் மார்னிங்” என்றுதான் சொல்ல வேண்டும். காலச்சொல் மாறவில்லை, கடிகாரம் மாறியதால் வினை மாறுகிறது. ‘இந்தச் சொல் வந்தால் இந்த வினை’ என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வது இந்த இடத்தில்தான் கைவிடுகிறது.

‘டுடே’யில் இன்னும் நுட்பமான ஒரு வலை இருக்கிறது. “ஐ ஹேவ் டேக்கன் மை டேப்லெட் டுடே” சரியானது; இன்றைய நாள் இன்னும் முடியவில்லை. ஆனால் மருத்துவர் நேரத்தையும் கேட்பார் என்று எண்ணி, “ஐ ஹேவ் டேக்கன் மை டேப்லெட் அட் எய்ட் ஓ கிளாக் டுடே” என்று நீட்டினால் பிழை. நாள் முடியாவிட்டாலும் எட்டு மணி முடிந்துவிட்டது. ஒரு வாக்கியத்தில் இரண்டு காலச்சொற்கள் இருந்தால், அவற்றில் குறுகியதைத்தான் சோதிக்க வேண்டும்.

‘ரீசென்ட்லி’ என்ற சொல் இரண்டு வடிவங்களையும் ஏற்கும். அங்கே தயங்க வேண்டியதில்லை. ‘ஜஸ்ட்’ தனியாக வந்தால் ‘ஹேவ்’ இயல்பாகச் சேரும். ‘ஜஸ்ட் நௌ’ என்று வந்து ‘சற்று முன்’ என்ற பொருள் தந்தால் சிம்பிள் பாஸ்ட்டே பொருந்தும்.

## ‘சின்ஸ்’, ‘ஃபார்’, ‘அகோ’

‘சின்ஸ் 2018’ என்பதில் ஓர் ஆண்டு பளிச்சென்று தெரிவதால், அது முடிந்த காலம் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் 2018 அந்தக் காலத்தின் தொடக்கம் மட்டுமே. காலம் அங்கிருந்து இந்த நிமிடம் வரை நீள்கிறது. ஆகவே “ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் சின்ஸ் 2018” என்பதே சரி. தமிழில் ‘2018 முதல் இங்கே வேலை செய்கிறேன்’ என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம். பிரெஞ்சிலும் நிகழ்காலமே வருகிறது. அதனால் நம் ஊர்க் கடிதங்களில் “ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2018” என்ற வடிவம் வேரூன்றிவிட்டது. அதை “ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்” என்று திருத்த வேண்டும்.

‘ஃபார்’ ஓர் அளவை மட்டும் சொல்கிறது. அந்த அளவு எங்கே முடிகிறது என்று சொல்வதில்லை. அதை வினைதான் சொல்கிறது. “ஐ லிவ்ட் இன் கடலூர் ஃபார் டென் இயர்ஸ்” என்றால் இப்போது அங்கே இல்லை. “ஐ ஹேவ் லிவ்ட் இன் கடலூர் ஃபார் டென் இயர்ஸ்” என்றால், வேறு குறிப்பு இல்லாதவரை, இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்று படிப்பவர் கொள்வார். முகவரிச் சான்று தொடர்பான கடிதத்தில் இந்த வேறுபாடு சிறியதன்று.

‘அகோ’ எப்போதும் முடிந்த காலத்தையே காட்டும். ‘டென் இயர்ஸ் அகோ’வோடு ‘ஹேவ்’ சேராது.

## காலச்சொல் கண்ணுக்குத் தெரியாத இடங்கள்

வாக்கியத்தில் காலச்சொல் இல்லை என்பதற்காக ‘ஹேவ்’ தானாகச் சரியாகிவிடுவதில்லை. முடிந்த காலம் மறைந்திருக்கும் இடங்களில் இரண்டு அடிக்கடி வருகின்றன.

1. ‘வென்’ என்று தொடங்கும் கேள்வி. எப்போது என்று கேட்பவர், நடந்த நேரத்தையே கேட்கிறார். பார்வை அங்கே போய்விட்டது. “வென் ஹேவ் யு கம்?” என்று விருந்தினரைக் கேட்பது பிழை, “வென் டிட் யு கம்?” என்பதே சரி.

2. மறைந்தவரின் வாழ்க்கை. பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். ஆண்டைச் சொல்லாமல் “பாரதி ஹேஸ் லிவ்ட் இன் புதுச்சேரி ஃபார் டென் இயர்ஸ்” என்று ஒரு மாணவர் எழுதினால், வெளிப்படையான காலச்சொல் முரண் எதுவும் தெரியாது. ஆயினும் அது பிழை. அவர் வாழ்க்கை முடிந்துவிட்டதால் ‘இப்போது வரை’ என்று நீட்ட வழியில்லை. ‘லிவ்ட்’ மட்டும் போதும்.

ஆங்கிலச் செய்திகளை வாசிப்பவர்களுக்கு இங்கே ஒரு மயக்கம் வரலாம். செய்தியின் முதல் வரியில் ‘புயல் கரையைக் கடந்துவிட்டது’ என்பதற்கு ‘ஹேஸ் கிராஸ்ட்’ என்று இருக்கும். அடுத்த வரியில் நேரமும் இடமும் வந்தவுடன் ‘கிராஸ்ட்’ என்று மாறிவிடும். செய்தியாளர் முதலில் இன்றைய நிலையை அறிவிக்கிறார், பிறகு நிகழ்வுக்குள் போகிறார் என்பதே காரணம். 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலைப் பற்றி இன்று எழுதினால், முதல் வரியிலிருந்தே ‘கிராஸ்ட்’ என்றுதான் எழுத வேண்டும். அது இப்போது செய்தியன்று, வரலாறு.

## யாருக்குப் பிழை, யாருக்கு இல்லை

அமெரிக்க ஆங்கிலத்தில் ‘ஆல்ரெடி’, ‘ஜஸ்ட்’, ‘யெட்’ ஆகியவற்றோடு சிம்பிள் பாஸ்ட் சாதாரணமாக வருகிறது. “ஐ ஆல்ரெடி சென்ட் இட்” என்று அவர்கள் சொல்வதைப் பிரிட்டன் மரபில் படித்தவர் பிழையென்று எண்ண வேண்டியதில்லை. அதனால்தான் ‘டிட் நாட் கம் யெட்’ என்பதும் அமெரிக்கப் பேச்சில் உறுத்தாது; நம் தேர்வுகள் பிரிட்டன் வழக்கையே பெரும்பாலும் பின்பற்றுவதால் இங்கே ‘ஹேஸ் நாட் கம்’ பாதுகாப்பானது. ஆனால் இந்தச் சலுகை ஒருபக்கமானது. ‘ஹேவ் சென்ட் யெஸ்டர்டே’ என்பதை அமெரிக்க எழுத்து வழக்கும் ஏற்பதில்லை. இந்திய ஆங்கிலத்தில் அது பரவலாகக் கேட்கிறது என்பது உண்மை. நமக்குள் பேசிக்கொள்ளும்போது பொருள் கெடுவதும் இல்லை. நுழைவுத்தேர்விலும் வெளிநாட்டு விண்ணப்பத்திலும் அது பிழையாகவே எண்ணப்படும்.

## ஒரு விண்ணப்பக் கடிதம்

கடலூரைச் சேர்ந்த ஒருவர் எழுதும் விண்ணப்பத்தில் பின்வரும் ஐந்து வரிகள் இருப்பதாகக் கொள்வோம். அவர் 2017இல் பட்டம் பெற்றார். பிறகு மூன்று ஆண்டுகள் ஜவுளிக்கடையில் இருந்து, 2020இல் நிதி நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, இன்றும் அங்கேயே பணிபுரிகிறார்.

1. “ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை பி.காம் இன் 2017.” ஆண்டு முடிந்த காலம். ‘ஹேவ்’ நீங்கினால் போதும். ஆண்டைக் குறிப்பிடத் தேவையில்லை என்றால் ‘ஹேவ்’ இருக்கலாம், ஆண்டை நீக்கலாம். இரண்டில் ஒன்றுதான் வைக்க முடியும்.

2. “ஐ ஹேவ் வொர்க்ட் இன் எ டெக்ஸ்டைல் ஷோரூம் ஃபார் த்ரீ இயர்ஸ்.” இலக்கணப்படி இந்த வரி நிற்கும்; ஆனால் தவறான செய்தியைத் தருகிறது. அவர் இன்னும் ஜவுளிக்கடையில் இருக்கிறார் என்று தேர்வாளர் எண்ணுவார். அடுத்த வரியில் நிதி நிறுவனம் வரும்போது, ஒரே நேரத்தில் இரண்டு வேலையா என்ற ஐயம் எழும். ‘ஐ வொர்க்ட்’ என்று மாற்றினால் ஐயம் தீர்கிறது. ஐந்து வரிகளில் இதையே நான் மிகவும் அபாயகரமானதாகக் கருதுகிறேன். ஏனெனில் பிழை திருத்துபவர் கண்ணில் இது படாது.

3. “ஐ ஆம் வொர்க்கிங் இன் எ ஃபைனான்ஸ் கம்பெனி சின்ஸ் 2020.” ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்’ என்று வர வேண்டும்.

4. “ஐ ஹேட் சென்ட் மை சர்டிஃபிகேட்ஸ் லாஸ்ட் மன்டே.” ‘ஹேவ்’ தவறு என்று கற்றவர்கள் பலர் அதைவிட்டு ‘ஹேட்’டுக்குத் தாவுகிறார்கள். ‘ஹேட் சென்ட்’ என்பது கடந்த காலத்தில் நடந்த இன்னொரு நிகழ்வுக்கும் முந்தையதைச் சொல்வதற்கான வடிவம். ‘அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தபோது நான் ஏற்கெனவே அனுப்பியிருந்தேன்’ என்றால் அதற்கு இடமுண்டு. இங்கே அப்படிப்பட்ட இரண்டாவது நிகழ்வு எதுவும் இல்லை. படிப்பவர் அதைத் தேடிக்கொண்டிருப்பார். ‘ஐ சென்ட்’ என்பதே சரி.

5. “ஐ டிட் நாட் ரிசீவ் எனி ரிப்ளை டில் நௌ.” ‘டில் நௌ’ பேசும் நேரத்தைத் தொடும் காலம். ‘வரவில்லை’ என்ற தமிழ் வடிவம் இங்கே ‘டிட் நாட்’ ஆக இறங்கியிருக்கிறது. “ஐ ஹேவ் நாட் ரிசீவ்ட் எ ரிப்ளை யெட்” என்று எழுதினால், பதிலை இன்னும் எதிர்பார்க்கிறார் என்பது தனியாகச் சொல்லாமலே தேர்வாளருக்குப் புரியும். நான்காம் வரியில் போன திங்கட்கிழமைக்குப் போன பார்வை, இந்த வரியில் இன்றைக்குத் திரும்புகிறது; அந்தத் திருப்பத்தைக் காட்டுவது ‘ஹேவ்’தான்.